ஆடு திருடிய அப்பா: கன்பூசியஸின் உறவு அறமும் தனிமனித உரிமையும்

கன்பூசியஸின் (கி.மு. 551–479) பேச்சுகளைத் தொகுத்த லுன்யு நூலில், முதல்முறை படிப்பவரைத் திடுக்கிட வைக்கும் ஒரு சின்ன உரையாடல் இருக்கிறது. 13ஆம் அத்தியாயத்தின் 18ஆவது பகுதி அது. சூ நாட்டில் ஷெ என்ற பகுதியை ஆண்டவர் கன்பூசியஸிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார்: எங்கள் ஊரில் ஒருவன் இருக்கிறான், அவ்வளவு நேர்மை, அவனுடைய அப்பா ஆடு திருடினார், மகனே போய்ச் சாட்சி சொன்னான். கன்பூசியஸ் பதில் சொல்கிறார்: எங்கள் ஊரில் நேர்மையானவர்கள் வேறு மாதிரி, மகனுக்காக அப்பா மறைப்பார், அப்பாவுக்காக மகன் மறைப்பான், நேர்மை அதிலேயே இருக்கிறது.

அவ்வளவுதான். மேலே விளக்கம் எதுவும் இல்லை. இந்த நான்கைந்து வரியை வைத்துக்கொண்டு சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு மேலாக வாதம் நடக்கிறது; சட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கன்பூசிய அறம் என்றால் என்ன, தனிமனித உரிமையிலிருந்து தொடங்கும் சிந்தனை அதிலிருந்து எங்கே பிரிகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ‘கிழக்கில் கடமை, மேற்கில் உரிமை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்த வரியை வைத்துக்கொண்டு இந்த ஆட்டு வழக்கில் தீர்ப்புச் சொல்லப் பாருங்கள், முடியாது.

யார் கேட்கும் கேள்வி?

‘ஒரு திருட்டு நடந்தது எனக்குத் தெரியும். நான் என்ன செய்ய வேண்டும்?’ இந்தக் கேள்விக்கு கன்பூசியஸ் பதிலே சொல்ல மாட்டார். அதைக் கேட்கும் ‘நான்’ யார் என்று முதலில் தெரிய வேண்டும் அவருக்கு. திருடியவரின் மகனா, பக்கத்து வீட்டுக்காரரா, ஊர் நீதிபதியா, ஆட்டைப் பறிகொடுத்தவரா? ஆளைப் பொறுத்து செய்ய வேண்டியது மாறும். யாருக்கும் மகனாக இல்லாத, யாருக்கும் நண்பனாக இல்லாத, எந்தப் பொறுப்பிலும் இல்லாத ஒரு வெறும் மனிதன் என்ன செய்ய வேண்டும் என்பது அவருடைய பார்வையில் பொருளில்லாத கேள்வி. அப்படி ஒருவரும் பிறப்பதில்லை.

பிற்கால அறிஞர் மென்சியஸ் இந்த உறவுகளை ஐந்தாகச் சொன்னார். அப்பா–மகன் இடையே பாசம், அரசன்–அமைச்சன் இடையே நியாயம், கணவன்–மனைவி இடையே அவரவர் பங்கு, மூத்தவர்–இளையவர் இடையே வரிசை, நண்பர்கள் இடையே நம்பிக்கை. ஒவ்வொரு உறவுக்கும் தனித்தனிப் பண்பு இருப்பதைக் கவனியுங்கள். அரசனிடம் காட்ட வேண்டியதை அப்பாவிடம் காட்டுவது பிசகு. அப்பாவிடம் காட்ட வேண்டியதை அரசனிடம் காட்டினாலும் பிசகுதான்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, தவறு செய்பவரைத் திருத்தும் முறை. சடங்குகள் பற்றிய பழைய நூலான லி ஜி இப்படிச் சொல்கிறது: அரசன் தவறு செய்தால் அமைச்சன் மூன்று முறை எடுத்துச் சொல்ல வேண்டும், கேட்கவில்லை என்றால் அந்த அரசனை விட்டுப் போய்விடலாம். பெற்றோர் தவறு செய்தாலும் மகன் மூன்று முறை எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்றால் அழுதுகொண்டே அவர்கள் பின்னால் போக வேண்டும். வேலையை விடலாம், மகனாக இருப்பதை விட முடியாது என்பதுதான் விஷயம்.

ஆக, ஆட்டு வழக்கில் மகன் ‘மறைப்பது’ என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது என்று பொருளில்லை. லுன்யுவின் 4ஆம் அத்தியாயமே பெற்றோரிடம் மென்மையாக எடுத்துச் சொல்லச் சொல்கிறது. அப்பாவிடம் உட்கார்ந்து பேச வேண்டும், ஆட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மன்றாட வேண்டும், முடிந்தால் தானே இழப்பை ஈடுகட்ட வேண்டும். கன்பூசிய மரபில் வந்த உரையாசிரியர்கள் பலரும் அந்த நான்கு வரியை இப்படி விரித்துத்தான் படித்தார்கள். செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: அதிகாரியிடம் போய் எதிர்த்தரப்பில் நிற்பது.

ஏன் கூடாது? கன்பூசிய மரபு சொல்லும் காரணம் இது. பிறர் மேல் அக்கறை என்பது மனிதனுக்கு முதலில் வீட்டில்தான் முளைக்கிறது. அப்பாவைக் காட்டிக்கொடுக்கும்போது சுருக்கென்று ஒன்றும் தைக்காதவனுக்கு, ஆட்டைப் பறிகொடுத்தவர் மேல் மட்டும் எங்கிருந்து அக்கறை வரும்? அவன் செய்வது அறம் மாதிரி தெரிந்தாலும் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது, அநேகமாகப் பேர் வாங்கும் ஆசை. கி.மு. 3ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில் இதே கதை கொஞ்சம் நீட்டிச் சொல்லப்படுகிறது. மகன் அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறான். அப்பாவுக்கு மரண தண்டனை என்றதும், அவருக்குப் பதில் என்னைக் கொல்லுங்கள் என்கிறான். கடைசியில் அரசன் அவனை விட்டுவிடுகிறான். அதைக் கேட்ட கன்பூசியஸ், ஒரே அப்பாவை வைத்து இரண்டு முறை பேர் வாங்கிவிட்டானே என்றாராம். அவர் உண்மையில் சொன்னாரோ இல்லையோ, குத்து சரியான இடத்தில் விழுகிறது.

அதே ஆடு, வேறு கணக்கு

இப்போது இதே வழக்கை உரிமையிலிருந்து தொடங்குபவர் பார்க்கட்டும். 1689இல் தன் அரசியல் கருத்துகளை வெளியிட்ட ஜான் லாக்கை இந்த மரபின் தொடக்கங்களில் ஒருவராக வைத்துக்கொள்ளலாம். இந்தப் பார்வையில் முதலில் கண்ணில் படுபவர் ஆட்டைப் பறிகொடுத்தவர். லுன்யுவின் அந்த வரிகளை மறுபடி படித்துப் பாருங்கள்: அவர் அதில் இல்லவே இல்லை. அப்பா இருக்கிறார், மகன் இருக்கிறான், ஆளுநரும் குருவும் இருக்கிறார்கள். ஆட்டுக்காரருக்கு ஒரு சொல் கூட இல்லை.

உரிமைச் சிந்தனைக்கோ அவரிடமிருந்துதான் எல்லாமே தொடங்குகிறது. அவருடைய பொருளை இன்னொருவர் எடுத்துவிட்டார். அவர் யாருக்கு என்ன உறவு என்பது தேவையே இல்லை. அவர் ஒரு மனிதர், அது போதும். அவருக்கு ஆட்டைக் கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறது. அதைக் காப்பது அரசின் வேலை. அடுத்து அப்பாவுக்கும் உரிமை உண்டு: நியாயமான விசாரணை, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு, அளவுக்கு மீறாத தண்டனை. மூன்றாவதாகத்தான் மகன் வருகிறான். அவன் முதலில் உண்மை தெரிந்த ஒரு சாட்சி. மகன் என்பதால் அவனுக்கு விலக்கு வேண்டும் என்றால், அதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும்.

அந்தக் காரணத்தையும் இந்த மரபு தேடித்தான் இருக்கிறது. ஜெர்மனியின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 52ஆவது பிரிவில், குற்றம் சாட்டப்பட்டவரின் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் போன்றவர்கள் சாட்சி சொல்ல மறுக்கலாம் என்கிறது. பார்த்தால் கன்பூசியஸ் சொன்ன மாதிரியே இருக்கிறது. ஆனால் அங்கே மறுக்கும் உரிமை சாட்சியுடையது. மகன் விரும்பினால் மறுக்கலாம், விரும்பினால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், இரண்டுக்கும் தண்டனை கிடையாது. கணவன் மனைவிக்குச் சலுகை தரும் அமெரிக்க நீதிமன்றங்களில் பெரும்பாலானவை பெற்றோர்–பிள்ளை சாட்சியத்துக்கு அந்தச் சலுகையைக் கூடத் தரவில்லை.

கன்பூசியஸ் பேசியது விருப்பத்தைப் பற்றி இல்லை. மகன் என்றால் அப்பாவைக் காட்டிக்கொடுக்க மாட்டான், அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் இரண்டு பாதைகளும் பிரிகின்றன. உரிமை மரபில் உறவு என்பது ஒரு தனிமனிதர் வைத்திருப்பது. அவருக்கு அது முக்கியம் என்பதால் சட்டம் அதை மதிக்கிறது. கன்பூசிய மரபில் அந்த உறவுகளால்தான் அவர் ஆளாகவே ஆகிறார். ஹென்றி ரோஸ்மண்ட், ரோஜர் ஏம்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் இதை அண்மைக் காலத்தில் உறுதியாக வாதிட்டார்கள். மகன், தம்பி, கணவன், ஆசிரியர், அண்டை வீட்டுக்காரர் என்ற இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டால், மிச்சம் இருக்கும் ‘உண்மையான நான்’ என்று ஒன்றும் கிடையாது; வெங்காயத்தை உரித்துப் பார்க்கிற கதைதான். இது கொஞ்சம் அதிகப்படி என்று நினைக்கும் கன்பூசிய அறிஞர்களும் இருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். வாழ்க்கை முழுக்க எடுத்துச் சொல்லிக்கொண்டு, அழுதுகொண்டு பின்னால் போகிற அந்த மகனுக்குள் உறவுக்கு வெளியே நின்று அப்பாவை எடைபோடும் ஓர் ஆள் இல்லாமலா இருப்பான்?

அப்பா கொலைகாரராக இருந்தால்?

ஒரு ஆட்டுக்காக அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது சரி, கொலை என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை மென்சியஸின் சீடர் தாவ் யிங்கே கேட்டுவிட்டார். அதுவும் சும்மா கேட்கவில்லை, கன்பூசியர்களின் மிக உயர்ந்த உதாரணத்தையே எடுத்துக்கொண்டார்.

ஷுன் என்ற பழங்காலப் பேரரசன் உத்தமமான மகன் என்று போற்றப்பட்டவன். அவன் அப்பா கூ சோவோ மகா மோசமான ஆள். மகனைத் தானியக் களஞ்சியத்தின் மேல் ஏற்றி அடியில் தீ வைத்தவர், கிணற்றில் இறங்கச் சொல்லிவிட்டு மூடப் பார்த்தவர் என்று கதைகள் உண்டு. சீடர் கேட்கிறார்: ஷுன் பேரரசன், காவ் யாவ் நீதிபதி, கூ சோவ் ஒருவரைக் கொன்றுவிட்டார். என்ன நடக்கும்?

மென்சியஸ் தயங்கவே இல்லை: காவ் யாவ் அவரைப் பிடிப்பார். ஷுன் தடுக்க மாட்டானா? எப்படித் தடுப்பான், அது நீதிபதிக்கு முறையாக வந்த அதிகாரம். அப்படியென்றால் ஷுன் என்னதான் செய்வான்? பேரரசைத் தேய்ந்த செருப்பைப் போலக் கழற்றி எறிவான். அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு ரகசியமாக ஓடிப்போவான். கடலோரத்தில் எங்கோ குடியேறி, காலமெல்லாம் மகிழ்ச்சியாக, பேரரசையே மறந்து வாழ்வான்.

கன்பூசிய சிந்தனையின் முழு எலும்புக்கூடும் இந்தப் பதிலில் தெரிகிறது. நீதிபதியின் பொறுப்பு கைது செய்வது. அதில் சலுகைக்கு இடமில்லை. அரசனின் பொறுப்பு நீதிபதியின் வேலையில் கை வைக்காமல் இருப்பது. மகனின் பொறுப்பு அப்பாவைக் காப்பது. ஷுன் மகனாகச் செய்ய வேண்டியதை அரசனின் அதிகாரத்தை வைத்துச் செய்யவில்லை என்பதுதான் முக்கியம். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்ததும் பதவியை விடுகிறான். அமைச்சர் ஒருவர் மகன் மாட்டிக்கொண்ட வழக்கில் போலீஸுக்குப் போன் போடுவதை இந்தக் கதையைச் சொல்லி நியாயப்படுத்த முடியாது. போன் போட வேண்டுமானால் முதலில் ராஜினாமா செய்ய வேண்டும், அப்புறம் போனை யார் எடுக்கப் போகிறார்கள்!

ஆனால் இதிலும் அதே ஓட்டை இருக்கிறது. செத்தவர் யார்? அவருக்கு ஒரு மகன் இருந்திருப்பானே, அவன் தன் அப்பாவுக்குச் செய்ய வேண்டிய கடமை என்ன ஆனது? கடலோரத்தில் ஷுன் மகிழ்ச்சியாக இருந்தான் என்ற வரியை அந்த மகன் படித்தால் எப்படி இருக்கும்? எனக்கு உறவில்லாதவருக்கு நான் என்ன கடமைப்பட்டிருக்கிறேன் என்ற கேள்வியில் கன்பூசிய மரபு எப்போதுமே கொஞ்சம் தடுமாறுகிறது. ஐந்து உறவில் ‘அந்நியர்’ என்று ஒன்று இல்லை. வீட்டில் முளைத்த அக்கறை மெல்ல மெல்ல வெளியே பரவும் என்பது அதன் பதில். பரவலாம், பரவாமல் வாசலோடு நின்றும் விடலாம்.

2002இல் லியு சிங்பிங் என்ற சீன அறிஞர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். மென்சியஸ் புகழும் இன்னொரு செயல் அவருக்கு வாகாகக் கிடைத்தது: அதே ஷுன், தன்னைக் கொல்லப் பார்த்த தம்பிக்கு ஒரு நாட்டையே ஆளக் கொடுத்தான். குடும்பத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கும் இந்தப் போக்குதான் ஊழலுக்கு விதை என்று லியு எழுத, குவோ சியோங் என்ற பேராசிரியர் முதலானோர் கடுமையாக மறுத்தார்கள். இரண்டு தரப்பும் ஆண்டுக்கணக்கில் எழுதித் தள்ளின. தம்பிக்கு நாடு கொடுத்த விஷயத்தில் லியு பக்கம் வலுவானது என்று நினைக்கிறேன். ஆட்டு விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். சாட்சி சொல்லாமல் இருப்பது ஒன்று, அரசாங்கப் பொருளைத் தூக்கிக் கொடுப்பது வேறொன்று.

எடுத்துச் சொல்வதும் கேட்டு வாங்குவதும்

கன்பூசிய உறவுகள் ஒருவழிப் பாதை என்பது தவறான எண்ணம். ‘அரசன் அரசனாக இருக்கட்டும், அமைச்சன் அமைச்சனாக, அப்பா அப்பாவாக, மகன் மகனாக’ என்று லுன்யு சொல்கிறது. மேலே இருப்பவருக்கும் கடமை உண்டு. கொடுங்கோல் அரசன் ஒருவனைக் கொன்றது அரசக் கொலை ஆகாதா என்று கேட்டபோது மென்சியஸ் சொன்னது பிரபலம்: ஒரு தனி ஆளைக் கொன்றதாகக் கேள்விப்பட்டேன், அரசனைக் கொன்றதாகக் கேள்விப்படவில்லை. அரசனாக நடக்காதவன் அரசன் இல்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மேலே இருப்பவர் தன் கடமையைச் செய்யவில்லை என்றால், கீழே இருப்பவர் என்ன செய்ய முடியும்? எடுத்துச் சொல்லலாம், திரும்பவும் எடுத்துச் சொல்லலாம், அப்புறம் அழலாம்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜோயல் ஃபைன்பெர்க் 1970இல் ஒரு கற்பனை ஊரை வருணித்தார். அந்த ஊரில் எல்லாரும் நல்லவர்கள், இரக்கம் நிறைய, அவரவர் கடமையையும் செய்கிறார்கள். ஆனால் உரிமை என்ற ஒன்று அங்கே கிடையாது. உங்களுக்கு நல்லது நடந்தால் நன்றி சொல்வீர்கள், நடக்காவிட்டால் வருத்தப்படுவீர்கள். ‘இது எனக்கு வர வேண்டியது, கொடு’ என்று எழுந்து நின்று கேட்க மட்டும் முடியாது. அந்த ஊரில் குறைவது என்ன என்று பார்த்தால், உரிமை எதற்கு என்று புரிந்துவிடும் என்றார் அவர். கெஞ்சாமல் கேட்கக் கூடியது உரிமை.

கன்பூசியர்கள் இதற்குச் சொல்லும் பதிலும் கேட்க வேண்டியதே. எழுந்து நின்று ‘கொடு’ என்று கேட்க வேண்டிய நிலை வந்தாலே உறவு உடைந்துவிட்டது. தாம்பத்தியத்திலும் வீட்டிலும் உரிமை பேசிப் பேசி வாழ முடியாது. உரிமை என்பது உறவு அறுந்தால் விழாமல் தாங்கும் வலையாக இருக்கலாம், உறவுக்குப் பதிலாக இருக்க முடியாது. இப்படிச் சமாதானம் செய்துவைக்கும் நவீன கன்பூசியர்கள் பலர் உண்டு.

சமாதானம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உறவு அறம் சட்டமாக ஆனபோது வலை எப்படிக் கிழிந்தது என்று வரலாறு சொல்கிறது.

கி.மு. 66இல் ஹான் வம்சத்துப் பேரரசர் ஷுவான் ஓர் ஆணை பிறப்பித்தார். பெற்றோரை மறைக்கும் பிள்ளைகள், கணவனை மறைக்கும் மனைவி, பாட்டன் பாட்டியை மறைக்கும் பேரன் பேத்திகள் ஆகியோருக்குத் தண்டனை இல்லை. பிள்ளையை மறைக்கும் பெற்றோருக்கு? மனைவியை மறைக்கும் கணவனுக்கு? அவர்கள் விஷயத்தில் மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தால் உயர் நீதி அதிகாரியின் முடிவுக்கு அனுப்ப வேண்டும். கன்பூசியஸ் சொன்னது இரண்டு பக்கமும்: முதலில் ‘மகனுக்காக அப்பா’ என்றுதான் தொடங்கினார். ஆணையில் அது சாய்ந்துவிட்டது. கீழிருந்து மேலே போகும் பாசத்துக்கு முழு மன்னிப்பு, மேலிருந்து கீழே வருவதற்கு விசாரணை.

7ஆம் நூற்றாண்டின் தாங் சட்டத் தொகுப்பில் இன்னும் ஒரு படி மேலே. உறவினரை மறைக்கலாம் என்ற அனுமதி விரிந்தது. கூடவே, பெற்றோர் மேல் அரசாங்கத்திடம் குற்றம் சாட்டும் பிள்ளைக்குக் கழுத்தை நெரித்துக் கொல்லும் தண்டனை. அப்பா உண்மையாகவே குற்றம் செய்திருந்தாலும் இதே கதைதான். விலக்கு எதற்குத் தெரியுமா? அரசுக்கு எதிரான கலகமும் துரோகமும். அப்பா உங்களை என்ன செய்தாலும் வாயைத் திறக்காதீர்கள், அரசனை ஏதாவது செய்யப் பார்த்தால் ஓடி வந்து சொல்லுங்கள். குருவின் நான்கு வரி எந்த இடத்தில் யாருடைய கைக்குப் போனது என்று இதிலேயே தெரிகிறது.

இதன் நிழல் நீளமானது. தென்கொரியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 224ஆவது பிரிவு, ஒருவர் தன்னுடைய அல்லது தன் துணையின் பெற்றோர், பாட்டன் பாட்டி மீது குற்றப் புகார் கொடுக்கக் கூடாது என்கிறது. சமத்துவ உரிமைக்கு இது எதிரானது என்று ஒரு வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 2011இல் தீர்ப்பு வந்தது: ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் பிரிவு செல்லாது என்றார்கள். ரத்து செய்ய ஆறு பேர் வேண்டும். பிரிவு தப்பித்தது. குடும்ப வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் தனிச் சட்டங்கள் ஏற்கெனவே விலக்குத் தந்திருந்தன. மூத்தோருக்கு மரியாதை என்ற மரபும், பாதிக்கப்பட்டவர் எழுந்து நின்று கேட்கலாம் என்ற உரிமையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேரம் பேசிய மாதிரி இருக்கும் அந்த வழக்கு.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கன்பூசியஸுக்கு அநியாயம் செய்ததாகும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஹான் ஃபெய் என்ற சிந்தனையாளர் இதே ஆட்டுக் கதையை அரசனின் கண்ணால் பார்த்தார். அவர் சொல்லும் வடிவில், காட்டிக்கொடுத்த மகனை சூ நாட்டு அமைச்சர் கொல்லச் சொல்லிவிடுகிறார். விளைவு? அதன்பின் அந்த நாட்டில் குற்றங்கள் மேலிடத்துக்கு எட்டவே இல்லை என்கிறார் ஹான் ஃபெய். அப்பாவுக்கு நல்ல மகன், அரசனுக்குத் துரோகி. ஆகவே உளவு சொல்பவனுக்குத்தான் பரிசு. இந்தப் பாதையில் போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 20ஆம் நூற்றாண்டில் சான்று கிடைத்தது. 1970இல், கலாசாரப் புரட்சியின்போது, அன்ஹுய் மாகாணத்தில் பதின்வயது மகன் ஒருவன், வீட்டில் மாவோவைக் குறை சொன்னதற்காகத் தன் தாயை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தான். தாய் சுட்டுக் கொல்லப்பட்டார். 1980இல் அந்தத் தண்டனை தவறு என்று ரத்தானது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மகனே வெளியே வந்து தன் குற்றத்தைச் சொல்லி வருந்தினார்.

அந்தத் தாயை எது காப்பாற்றியிருக்கும்? உரிமைக்காரர் ‘பேச்சுரிமை’ என்பார், கன்பூசியர் ‘மகன் மகனாக இருந்திருந்தால்’ என்பார். இரண்டு பதிலும் சரிதான். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது இரண்டாவது மட்டும்தான்.

ஒரே அறையில் இரண்டும்

இரண்டு மரபும் ஒன்றையொன்று தொடாமல் வளர்ந்தன என்றும் நினைக்க வேண்டாம். 1948இல் ஐ.நா. ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்த குழுவின் துணைத்தலைவர் பெங்-சுன் சாங் என்ற சீனர்; விவாதங்களில் கன்பூசிய மரபை அடிக்கடி எடுத்துப் பேசியவர். மனிதர்களுக்குப் பகுத்தறிவு இருக்கிறது என்று மட்டும் முதல் பிரிவில் எழுதினால் போதாது, பிறரை உணரும் தன்மையும் வர வேண்டும் என்று அவர் வாதிட்டார். ‘மனச்சாட்சி’ என்ற சொல் அங்கே வந்து உட்கார்ந்தது அப்படித்தான்.

சீனாவிலேயே ஆட்டு வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது? மாவோ காலத்துக்குப் பின் எழுதிய சட்டத்தில், உண்மை தெரிந்த எல்லாருக்கும் சாட்சி சொல்லும் கடமை உண்டு, மகனுக்கும் விலக்கில்லை. 2012இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது 188ஆவது பிரிவில் ஒரு வரி சேர்த்தார்கள்: குற்றம் சாட்டப்பட்டவரின் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரைச் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. கன்பூசியஸ் திரும்பி வந்துவிட்டார் என்று சிலர் மகிழ்ந்தார்கள். வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு வராமல் இருக்கலாம் என்றுதான் இருக்கிறது. புலனாய்வு அதிகாரி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று இல்லை. சாட்சியம் வாங்கப்படும், சாட்சி மட்டும் வர மாட்டார்.

சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டு, 2013 ஆகஸ்டில், ஜினான் நகர நீதிமன்றத்தில் பெரிய அரசியல் தலைவரான போ சிலாய் மேல் லஞ்ச வழக்கு நடந்தது. அவருடைய மனைவி கூ கைலாய் ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்று ஏற்கெனவே சிறையில் இருந்தார். மனைவி சிறையில் தந்த வாக்குமூலத்தின் வீடியோ நீதிமன்றத்தில் ஓட்டப்பட்டது. அதில் அவர் கணவனுக்கு எதிராகப் பேசினார். அவரை நேரில் வரச் சொல்லுங்கள், நான் கேள்வி கேட்க வேண்டும் என்று போ கோரியிருந்தார். அவரிடம் கேட்டோம், வர மறுத்துவிட்டார், மனைவியைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்ப உறவைக் காக்க வந்த பிரிவு உறவையும் காக்கவில்லை, எதிர்ச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் அவருடைய உரிமையையும் பறித்துக்கொண்டது. அடுத்த மாதம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள்.